இருநூற்றெண்பது எழுத்துக்குள் கிருஷாந்தினி

டொக்டராகிவிட்டு வா என்று ருஷ்யாவுக்கு அனுப்பிய மகன், வெறும் ருஷ்ய மொழியோடு மட்டும் திரும்பி வந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறெரியாது? தினுஷனின் அம்மா ஒரு வருடம் கோவில் பூசைக்கும் போகவில்லை. போனால் ஆராவது கேட்டுவிடுவார்கள். பிறகு பாசிக்குடாக் கடற்கரையில் ருஷ்யர்கள் வந்து குவியத் தொடங்கியதும் கதை மாறிற்று. ஹோட்டல்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "தம்பி நிக்கிறாரா?" என்று விசாரித்தார்கள். படிப்பை விட்டவன் என்ற பேர் போய், பாஷை தெரிந்தவன் என்ற பேர் வந்தது. உலகம் அப்படித்தான், என்ன செய்ய!

அந்தப் பேரைக் கேட்டுத்தான் மார்கிறட் மிஸ்ஸும் அவனுக்கு அழைப்பெடுத்தார். வாவிக்கரையில், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில், ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பொறுப்பாளர் அவர்தான். கூட்டுகிற ஆள் வராத நாளில் கூட்டுகிறவரும் அவர்தான். ருஷ்யர்கள் பாசிக்குடாவிலிருந்து வான் பிடித்து வந்து, பொருட்களைச் சுற்றிப் பார்த்து, பலகைகளில் ஒன்றும் விளங்காமல் வாவியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. முக்கியமான பொருட்களின் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலத்துக்குக் கீழே ஒரு பட்டை வெறுமையாகக் கிடந்தது. அதில் ருஷ்ய மொழி வர வேண்டும்.

தினுஷன் ஒரு கிழமையாக அந்த வேலையில் இருந்தான். மீன்பிடிப் பொறிகள், நெல் அளக்கும் மரைக்கால், ஒல்லாந்தர் காலத்துப் பூட்டு எல்லாம் ஒருவாறு முடிந்தன. கடைசியாக மிஞ்சியது கதவு.

மண்டபத்தின் மூலையில் அது தனியாக நின்றது. நீல வண்ணம் அடித்த ஒற்றைக் கதவு. கீழ்ப்பக்கம் உப்பில் ஊறி வெடித்திருந்தது. இடுப்புயரத்துக்கும் கீழே, ஆணியால் கீறிய ஒரு மீன். மீனுக்குக் கண் மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை கீறினால் அப்படித்தான் இருக்கும்.

"இதுக்கு எவ்வளவு இடம் மிஸ்?"

"இருநூற்றெண்பது எழுத்து. சொல்லுக்கு நடுவில விடுற இடைவெளியும் சேர்த்துத்தான்."

"எழுத்தச் சின்னனாக்கினா?"

"ஆக்க ஏலாது தம்பி. ஒரு மீற்றர் தள்ளி நிண்டு, கண்ணாடி போட்ட ஒரு வயசாளி வாசிக்கவேணும். இவ்வளவு இருட்டுக்குள்ள எறும்பு மாதிரி எழுதி வச்சா ஆருக்குப் பிரயோசனம்?"

அச்சுக்கடை உசனாரும் அதையே தொலைபேசியில் சொன்னார். "பட்டைக்கு மேல ஒரு எழுத்தும் வெளிய போகாது மகன். போனா, பலகை முழுக்கத் திரும்ப அடிக்கோணும்."

ஆங்கிலப் பலகையைத் தினுஷன் வாசித்துப் பார்த்தான். கதவின் நீளம், அகலம், மரத்தின் பெயர். ஆழிப்பேரலை என்றால் என்ன, கடலுக்கடியில் நில நடுக்கம் எப்படி வந்தது என்று ஒரு விளக்கம். வாகரை எங்கே இருக்கிறது. இலங்கையில் எத்தனை பேர் இறந்தார்கள். கதவு யாருடையது. அதைப் பற்றிக்கொண்டு தப்பியவர் யார், தப்பாதவர் யார். ஆங்கிலத்திலேயே மூச்சு முட்டுகிற அளவு விடயம். ருஷ்ய மொழியோ வாலும் தலையுமாக நீண்ட சொற்களைக்கொண்டது. அப்படியே பெயர்த்தால் பட்டையை உடைத்துக்கொண்டு சுவரில்தான் எழுத வேண்டும்.

முதலில் அளவுகளை வெட்டினான்.

"ஐயோ, அளவு போடுறதுதானே முறை" என்றார் மார்கிறட்.

"கதவு கண்ணுக்கு முன்னால நிக்குது மிஸ். அதுட நீளத்தப் பாக்கிறவனுக்கு நாங்க என்னத்துக்குச் சொல்லவேணும்?"

மார்கிறட் சிரித்துவிட்டார். அளவும் மரத்தின் பெயரும் போயின. அடுத்து நில நடுக்க விளக்கத்தை எடுத்தான். 'சுனாமி' என்ற சொல் ருஷ்யர்களுக்குப் புதிதில்லை. அவர்களுடைய தூரகிழக்குக் கரையிலும் முன்பு அப்படியோர் அலை வந்து அழித்திருக்கிறது. சொல்லைப் போட்டால் போதும், விளங்கிக்கொள்வார்கள். திகதியை இலக்கத்தில் எழுதினான். மாதத்தின் பேரும் 'ஆண்டு' என்ற சொல்லும் எழுதுகிற இடம் மிச்சம். ஆனால் வாகரையை அப்படி விட முடியாது. அதைக் கேள்விப்படாதவனுக்கு வெறும் பேர் எதையும் சொல்லாது. 'இங்கிருந்து வடக்கே அறுபது கிலோமீற்றர்' என்று சேர்த்தான்.

"செத்த ஆக்கள்ற தொகைய எடுக்கக்கூடாது" என்று மார்கிறட் கண்டிப்பாகச் சொன்னார். "அது இல்லாட்டி, எங்கேயோ ஒரு வீட்டுக் கதவு உடஞ்ச கதையா நினைப்பாங்க. முப்பதாயிரத்துக்கு மேல எண்டு இருக்கவேணும். பொருளத் தந்தவட பேரும் இருக்கவேணும். அது எங்கட முறை."

எல்லாம் சரி. கூட்டிக் கழித்துக் கணினியில் எண்ணிப் பார்த்தால் பட்டைக்கு மேல் நாலு எழுத்து மிஞ்சியது. நாலே நாலு! வேறு எங்கே கை வைத்தாலும் ஒரு விடயம் விழுந்துவிடும். தினுஷன் தலையைச் சொறிந்துகொண்டு வரிகளை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண் ஓரிடத்தில் நின்றது.

தமிழ்ப் பலகையில் அந்த வரி இப்படி இருந்தது: 'அவரது மகள் கிருஷாந்தினி, ஏழு வயது, காணாமற் போனார்.' அதற்கு ருஷ்ய மொழியில் மூன்று சொற்கள். 'பிரபாலா பெஸ் வேஸ்தி.' சேதி எதுவும் இல்லாமல் காணாமற் போனாள் என்று பொருள். பதினேழு எழுத்துப் பிடிக்கும். அதற்குப் பதிலாக 'பகீப்லா' என்று போட்டால் ஏழே எழுத்து. மடிந்தாள் என்று பொருள். இருபது வருடம் தாண்டிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையைக் கடல் கொண்டுபோய் இருபது வருடம். இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டான். சொல்லை மாற்றினான். வரி பட்டைக்குள் நறுக்கென்று அடங்கிற்று. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோசத்தைச் சும்மா சொல்லக்கூடாது, கடையில் தேத்தண்ணி வாங்கி மார்கிறட் மிஸ்ஸுக்கும் ஒன்று கொடுத்தான்.

ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மொழியில் பலகை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன், பொருளைத் தந்தவரைக் கூப்பிட்டு, எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்தால்தான் அச்சு. முன்பொருமுறை உயிரோடிருந்த ஒருவரை 'அமரர்' என்று போட்டுவிட்டார்கள். அந்த மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, தன்னுடைய பலகைக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தார். அன்றிலிருந்து அந்த வழக்கம்.

சீதேவிப்பிள்ளை வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், மடிப்புக் கலையாத சேலை, கையில் ஒரு பை நிறைய மரமுந்திரிக் கஜு. புருசன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது நெஞ்சு வருத்தத்தில் வீட்டோடு இருக்கிறார். மண்டபத்துக்குள் வந்ததும் அவர் ஆருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே மூலைக்குப் போய், குனிந்து, அந்தக் கீறிய மீனை ஒரு விரலால் தடவிவிட்டுத்தான் திரும்பினார்.

"இந்தத் தம்பிதான் ருஷ்ய பாஷையில எழுதுறவர்" என்று மார்கிறட் அறிமுகப்படுத்தினார்.

சீதேவிப்பிள்ளை தினுஷனை ஆவலோடு பார்த்தார். "நீங்க அந்த நாட்டில இருந்தநீங்களா தம்பி? பெரிய நாடாம் என்ன?"

"ஓம் அம்மா. சரியான பெரிய நாடு."

"எங்கட ஊருப் பிள்ளையள் ஆரும் அங்க இருக்காங்களா? வளக்கிறதுக்கு எண்டு ஆரும் கொண்டுபோய்..."

தினுஷன் மார்கிறட்டைப் பார்த்தான். மார்கிறட் மெதுவாகச் சொன்னார், "தம்பி, இவ இந்தக் கதவ எங்களுக்குத் தரல்ல. இரவலாத்தான் தந்திருக்கிறா. பலகையிலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு."

"ஓம், இரவல்தான்" என்றார் சீதேவிப்பிள்ளை, கொஞ்சம் வீம்போடு. "கடல் வந்த அண்டு கனபேர் வந்தாங்க. வெள்ளைக்காரங்க, கொழும்பாக்கள், ஹெலிகொப்டரில வந்தவங்க. அழுதுகொண்டு நிண்ட பிள்ளையள ஏத்திக்கொண்டு போனாங்க. என்ட பிள்ளையையும் ஆராவது தூக்கியிருப்பாங்க. அதுக்கு ஊருப் பேர் சரியாச் சொல்லத் தெரியா. ஆனா தான் கீறின மீனத் தெரியும். இப்ப எங்களுக்குக் கட்டித் தந்த வீடு வேற இடத்தில, வேற கதவு. இது வாகரையில கிடந்தா ஆரு காணுவாங்க? இங்க உலகத்தாக்கள் எல்லாம் வருவாங்க. எந்தப் பாசையிலயாவது ஒராள் வாசிச்சு, 'இந்தப் பேரில எனக்கொரு பிள்ளையத் தெரியும்' எண்டு சொன்னாப் போதும்."

அப்போதுதான் தினுஷனுக்கு உறைத்தது. அவனுக்கும் மார்கிறட்டுக்கும் அது ஒரு வரலாற்றுக் குறிப்பு. இந்த அம்மாவுக்கு அது தேடல் அறிவித்தல். கடதாசியை மடிக்கப் போனான். ஆனாலும் வாசித்தான்.

"'வீட்டுக் கதவு. வாகரை, இங்கிருந்து வடக்கே அறுபது கிலோமீற்றர். 2004 மார்கழி 26 காலையில், இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, ஒரு மீனவரின் வீட்டிலிருந்து இந்தக் கதவைப் பிடுங்கியது. வீட்டுக்காரி சீதேவிப்பிள்ளை இதைப் பிடித்துத் தப்பினார். அவரின் மகள் கிருஷாந்தினி, ஏழு வயது...'"

கண் 'பகீப்லா' என்ற சொல்லில் இருந்தது.

"'...காணாமற் போனார். கதவிலுள்ள மீன் அவர் கீறியது. அருங்காட்சியகத்துக்கு இரவலாகத் தரப்பட்டது.'"

பொய் சொன்னான். வாய் கூசாமல் சொன்னான் என்று சொல்ல முடியாது. கூசியது, ஆனாலும் சொன்னான். ருஷ்யம் தெரிந்தவன் அந்த மண்டபத்தில் அவன் ஒருவன்தானே, ஆர் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

"நல்லா எழுதியிருக்கீங்க மனே" என்று சீதேவிப்பிள்ளை கஜுப் பையை அவன் கையில் வைத்தார். மகனே என்கிற அந்த 'மனே' அவனுக்கு எங்கேயோ குத்தியது. அதோடு அவர் விடவும் இல்லை. கடதாசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எழுத்து வடிவாக் கிடக்கு. இதில எது மனே கிருஷாந்தினி?"

தினுஷன் விரல் வைத்துக் காட்டினான். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, வடிவத்தை மனதில் பதித்துக்கொண்டார்.

"காணாமப் போன எண்டது எது? நான் வாறபோது எனக்கும் அத அடையாளம் தெரியவேணும். ஆரும் அதில கை வச்சு வாசிச்சா, உடனே கேட்டுப்போடுவன்."

தினுஷன் விரலைக் கொண்டுபோனான். 'பகீப்லா'வுக்கு மேலே விரல் நின்றது. இறங்க மறுத்தது. வாயால் சொன்ன பொய்யை விரலால் சொல்ல முடியவில்லை அவனுக்கு. வாவிப் பக்கத்து யன்னலால் காற்று வந்து கடதாசியை ஆட்டியது. மார்கிறட் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, அது இதில இல்ல."

"என்ன இல்ல?"

"காணாமப் போன எண்டது. அதுக்குச் சொல் பெரிசு. இடம் காணல்ல. நான்..." விரலை எடுத்துக்கொண்டான். "நான் 'செத்துப்போனா' எண்ட சொல்லப் போட்டிட்டன். உங்களுக்கு மாத்தி வாசிச்சன். என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

மார்கிறட், "தம்பி!" என்றார்.

சீதேவிப்பிள்ளை கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. கதவுக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். "என்ட புருசனும் சொல்றார். கோயில் ஐயாவும் சொல்றார். திதி குடுத்தாப் பிள்ளைக்குச் சாந்தி எண்டு சொல்றாங்க. உடம்பு காணாம நான் எதுக்குத் திதி குடுக்க? குடுத்துப்போட்டு மறுகா அவ வந்து வாசலில நிண்டா, நான் எந்த முகத்தோட கதவத் திறக்கிற?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஒராள் எண்டாலும் அப்பிடி எழுதப்போடாது மனே. எங்கட பாசை தெரியாத சனத்திட்ட, என்ட பிள்ள செத்துப்போனா எண்டு நானே சொன்ன மாதிரி ஆகும். எத்தின எழுத்துக் காணாது?"

"நாலு."

"நாலு எழுத்தா!" அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அட கடவுளே, நாலெழுத்துக்கா என்ட பிள்ளையச் சாகடிச்சநீங்க?"

தினுஷன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் காதுவரை சுட்டது.

சீதேவிப்பிள்ளை எழுந்து கடதாசியை மறுபடி வாங்கினார். "என்ட பேர் எங்க கிடக்கு?"

காட்டினான். நீண்ட பேர். ருஷ்ய எழுத்தில் பதின்மூன்று.

"பாருங்க, எவ்வளவு இடத்தப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. அத எடுங்க."

"அது ஏலாது அக்கா" என்று மார்கிறட் குறுக்கிட்டார். "தந்தவங்கட பேர் இருக்கிறது எங்கட முறை."

"என்ட பேர் என்னத்துக்கு மிஸ்? நான் இருக்கிறன்தானே. என்ன ஒருத்தரும் தேடத் தேவையில்ல. தேடவேண்டிய பிள்ளைட பேர் கிடந்தாப் போதும்."

மார்கிறட் பழைய பலகையைத் திரும்பிப் பார்த்தார். மற்ற மூன்று மொழியிலும் பேர் இருக்கிறதுதானே என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எடுங்க தம்பி" என்றார்.

தினுஷன் கணினியில் உட்கார்ந்தான். 'வீட்டுக்காரி இதைப் பிடித்துத் தப்பினார்' என்று பேரில்லாமல் மாற்றினான். அந்தப் பேர் அழிந்தபோது அவனுக்குக் கண் கலங்கிற்று. 'பகீப்லா' இருந்த இடத்தில் 'பிரபாலா பெஸ் வேஸ்தி' தாராளமாக வந்து உட்கார்ந்தது, மிச்சமும் இருந்தது. சீதேவிப்பிள்ளை பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கிருஷாந்தினியின் பேருக்குப் பிறகு புதிதாக வந்த மூன்று சொற்களையும் அவரே தேடி விரல் வைத்துக் காட்டினார். இந்த முறை அவன் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகுதான் தலையசைத்தார்.

உசனார் பலகையை ஒரு கிழமையில் அடித்துக் கொடுத்தார்.

அந்த வருட மார்கழி நினைவுநாளுக்குச் சீதேவிப்பிள்ளை வழக்கம்போல வாகரைக் கடற்கரையில் எல்லோரோடும் நிற்காமல், பஸ் ஏறிக் கதவிடம் வந்துவிட்டார். வாங்கில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் போலத் தினுஷன் பாசிக்குடாவிலிருந்து ருஷ்யர் சிலரை அழைத்து வந்தான். அவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், மீன்பொறிக்குள் கையை விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் மூலைக்கு வந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது, வெட்டிய தலைமயிர், வெயிலில் சிவந்த தோள். தன்னுடைய தங்கைதான் இழுத்துக்கொண்டு வந்தது, தனக்குக் கடல் பார்க்கும் மனநிலை இல்லை என்று வானிலேயே தினுஷனிடம் சொல்லியிருந்தாள்.

அவள் பட்டையை வாசித்தாள். முடித்துவிட்டுப் போகவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். பிறகு கையைக் கொண்டுபோய், சரியாக அந்த மூன்று சொற்களின்மேல் வைத்தாள்.

சீதேவிப்பிள்ளை துள்ளி எழுந்தார். "மனே! கேளுங்க, கேளுங்க! அவக்குத் தெரியுமாமா எண்டு கேளுங்க!"

தினுஷன் ஓடிவந்தான். இவர்தான் அந்தத் தாய் என்று ருஷ்யத்தில் சொன்னான். அந்தப் பெண் சீதேவிப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என்ன சொல்றா?"

"இன்னும் பாத்துக்கொண்டு இருக்கீங்களா எண்டு கேக்கிறா அம்மா."

இருபது வருடமாக அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. விடு, மற, திதி கொடு என்றுதான் சொல்லியிருந்தார்கள். சீதேவிப்பிள்ளை அவளுக்கு நேரே வந்து நின்றார். "ஓம்" என்றார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னாள். தினுஷன் மொழிபெயர்த்தான். "தானும் எண்டு சொல்றா. அவட மகன் சண்டைக்குப் போனவராம். ரெண்டு வருசமாம். செத்துப்போனார் எண்டும் இல்லையாம், இருக்கிறார் எண்டும் இல்லையாம். அவங்கட அரசாங்கம் குடுத்த கடதாசியிலயும் இந்த மூண்டு சொல்லுத்தான் கிடக்காம்."

சீதேவிப்பிள்ளை தேடி வந்த சேதி அது இல்லை. ஆனாலும் அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாங்கில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பெண் மீனைக் காட்டினாள், சீதேவிப்பிள்ளை "ஓம், ஓம், அவதான்" என்று ஏழு வயது உயரத்தைக் கையால் காட்டினார். மகனின் பேர் என்ன என்று கேட்கச் சொன்னார். அலியோஷா என்று பதில் வந்தது. "அலியோஷா" என்று அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

வான் ஹோர்ன் அடித்தது. பெண் எழுந்தாள். சீதேவிப்பிள்ளை அவள் கையை விடாமலே தினுஷன் பக்கம் திரும்பினார்.

"அவட்டச் சொல்லுங்க மனே. அந்தப் பிள்ளைக்கும் எங்கயாவது ஒரு பலகை எழுதி வைக்கட்டாம். இடம் காணாட்டித் தன்ட பேர எடுத்துப்போடட்டாம். அவ இருக்கிறாதானே."

தினுஷன் அதை ருஷ்ய மொழியில் சொன்னான். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.